அடக்குவது யார், திறந்துவிடுவது யார்? சிறுநீர்ப்பை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எவ்வளவு நிரம்பினால் எனக்குத் தெரிய ஆரம்பிக்கும்?

பெரும்பாலானவர்களுக்கு 150 மி.லி. சேர்ந்ததும் முதல் மெல்லிய உணர்வு வரும். "ஏதோ இருக்கிறது" என்ற அளவுதான் அது, வேலையை விட்டு எழ வைக்காது. 300 மி.லி. பக்கம் வரும்போது "வசதியான இடம் கிடைத்தால் போய்விட்டு வரலாம்" என்று தோன்றும். 400 முதல் 500 மி.லி. வரை போனால் வேறு எதையும் யோசிக்க விடாது. ஆளுக்கு ஆள் இந்த எண்கள் மாறும். ஒரே ஆளுக்குக்கூடக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இருக்கும்.

சிறுநீரகங்கள் நிமிடத்துக்குச் சுமார் 1 மி.லி. சிறுநீரை உண்டாக்குகின்றன. அது பைக்குள் குழாய்த் தண்ணீர் போல ஒரே சீராக விழுவதில்லை. சிறுநீரகத்திலிருந்து வரும் இரண்டு நாளங்களும் அலை அலையாகச் சுருங்கி, நிமிடத்துக்குச் சில தடவை சிறுசிறு பீச்சலாக உள்ளே தள்ளும். அந்த நாளங்கள் பையின் சுவரைச் சாய்வாகத் துளைத்துக்கொண்டு நுழைவதால், பை சுருங்கும்போது அவற்றின் வாய் தானாக நசுங்கி அடைபடும். பையில் இருப்பது மேலே திரும்பிப் போகாமல் காப்பது அந்தச் சாய்வுதான்.

உள்ளே கூடக்கூட அழுத்தமும் கூட வேண்டாமா? எப்படி மணிக்கணக்கில் தாங்குகிறது?

சிறுநீர்ப்பையைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். முதல் 50 மி.லி. வரும்போது அழுத்தம் சுமார் 5 முதல் 10 செ.மீ. நீர் அளவுக்கு, அதாவது அவ்வளவு உயரத் தண்ணீர் அடியில் தரும் அழுத்தத்துக்கு, ஏறுகிறது. அதற்குப் பிறகு 300 மி.லி. வரை போனாலும் அந்த அளவிலிருந்து பெரிதாக நகர்வதில்லை. கொள்ளளவு ஆறு மடங்கு கூடியும் அழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

இதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. காலியான பையின் உட்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும். நிரம்பும்போது முதலில் அந்த மடிப்புகள் விரிகின்றன. அடுத்து, சுவரிலுள்ள டெட்ருசர் என்ற தசை மெதுவாக இழுக்கப்படும்போது எதிர்த்துத் தள்ளாமல் நீண்டு கொடுக்கும் தன்மை உடையது. கீழ்முதுகுப் பகுதியிலிருந்து வரும், தானாக இயங்கும் பரிவு நரம்புகளும் அதைத் தளர்ந்தே இருக்கச் சொல்கின்றன. மூன்றாவது காரணம் வெறும் வடிவக் கணக்கு. பலூனை ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தொடங்கும்போதுதான் கஷ்டம், கொஞ்சம் பெரிதானதும் எளிதாகிவிடும். உருண்டையின் ஆரம் பெரிதாகும்போது, சுவரில் இழுவிசை கூடினாலும் அது உள்ளே அழுத்தமாக மாறும் பங்கு குறைகிறது.

அழுத்தம் குறைவாக இருப்பது நம் வசதிக்காக மட்டும் இல்லை, சிறுநீரகங்களுக்காகவும்தான். பைக்குள் அழுத்தம் நீண்ட நேரம் 40 செ.மீ. நீர் அளவுக்கு மேல் நின்றால், மேலிருந்து வரும் நாளங்களால் தள்ள முடியாமல் சிறுநீர் தேங்கத் தொடங்கும். இந்த 40 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அவசரமாக வந்தது, வேலையில் மூழ்கினேன், பத்து நிமிடத்தில் காணாமல் போய்விட்டது. எங்கே போனது?

சிறுநீர் எங்கும் போகவில்லை, பையில்தான் இருக்கிறது. போனது உணர்வு மட்டும்.

இதைப் புரிந்துகொள்ள அடிப்படை அனிச்சைச் செயலைப் பார்க்க வேண்டும். பையின் சுவர் இழுபடும்போது அதிலுள்ள நரம்பு முனைகள் இடுப்பு நரம்பு வழியாகத் தண்டுவடத்தின் அடிப்பகுதிக்கு, அதாவது 2, 3, 4ஆம் திரிகக் கண்டங்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து அதே இடுப்பு நரம்பு வழியாக "சுருங்கு" என்ற கட்டளை டெட்ருசர் தசைக்குத் திரும்பி வரலாம். தசை சுருங்கினால் சுவர் இன்னும் இறுகும், செய்தி இன்னும் பலமாகப் போகும், சுருக்கமும் இன்னும் பலமாகும். தன்னைத் தானே ஊதிப் பெருக்கிக்கொள்ளும் வளையம் இது. சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடத்துக்கு மேல் வரை நீடித்துவிட்டு வளையம் களைத்துப்போகும், தசை தளரும், சிறிது நேரம் அமைதி. பிறகு கொஞ்சம் கூடுதல் பலத்தோடு அடுத்த அலை.

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திவிடுகின்றன. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. கைக்குழந்தைகளிடமும், மூளையின் தொடர்பு அறுந்தவர்களிடமும் இந்த அலைகள் தெளிவாகத் தெரியும். ஆனால் ஆரோக்கியமான பெரியவர் ஒருவருக்குச் சிறு குழாய் வைத்துப் பையை நிரப்பி அழுத்தத்தை அளந்தால், "எனக்கு இப்போது அவசரமாக வருகிறது" என்று அவர் சொல்லும் நேரத்திலும் அழுத்தக் கோடு பெரும்பாலும் தட்டையாகவே கிடக்கும். மூளை அந்த வளையத்தைத் தொடங்கவே விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அவருக்குத் தெரிவது பை இழுபடும் செய்தி; அந்தச் செய்திக்கு மூளை எவ்வளவு கவனம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்து உணர்வு ஏறி இறங்குகிறது. நீங்கள் வேலையில் மூழ்கியதும் கவனம் விலகியது, உணர்வும் விலகியது. அரை மணி நேரத்தில் இன்னும் 30 மி.லி. சேர்ந்த பிறகு திரும்பி வரும்.

வாசலில் இரண்டு சுருக்குத்தசைகள் எதற்கு? ஒன்று போதாதா?

இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. பையின் கழுத்தில் இருக்கும் உள் சுருக்குத்தசை மழமழப்பான தசையால் ஆனது, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது. பரிவு நரம்புகள் அதை மூடியே வைத்திருக்கும். ஆண்களில் இது முழு வளையமாக, பலமாக இருக்கும். விந்து பைக்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது அதன் முக்கியமான வேலைகளில் ஒன்று. பெண்களில் இது பலம் குறைந்தது.

வெளிச் சுருக்குத்தசை கை கால் தசைகளைப் போன்ற வரித்தசை. பியூடெண்டல் நரம்பு வழியாக நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும். இதன் இழைகளில் பெரும்பகுதி மெதுவாகச் சுருங்கி, களைப்பில்லாமல் நீண்ட நேரம் இறுகி நிற்கக்கூடிய வகை. அதனால்தான் நினைத்துக்கொண்டே இருக்காமலும், தூக்கத்திலும்கூட அது மூடியிருக்கிறது. பை நிரம்பநிரம்ப இந்த இறுக்கம் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். காவல் அனிச்சை என்பார்கள். இருமும்போது வயிற்றின் அழுத்தம் திடீரென்று எகிறினாலும் சொட்டாமல் இருப்பதில் இந்தக் காவலுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரசவத்தில் இதன் நரம்போ, தாங்கும் இடுப்புத் தசைகளோ பாதிக்கப்பட்டால் இருமல், தும்மல், சிரிப்பில் கசிவு வருவதற்குக் காரணம் இதுதான்.

சரி, கழிப்பறையில் போய் நின்றதும் நான் உண்மையில் என்ன செய்கிறேன்?

பலர் நினைப்பது போல நீங்கள் பையைச் சுருக்குவதில்லை. அந்தத் தசைக்கு நேரடியாகக் கட்டளையிட யாராலும் முடியாது. நீங்கள் செய்வது பிடியை விடுவது மட்டும்தான்.

முதலில் இடுப்பின் அடித்தளத் தசையும் வெளிச் சுருக்குத்தசையும் தளர்கின்றன. தசையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தால், அதுவரை சலசலத்துக்கொண்டிருந்த கோடு சட்டென்று மௌனமாவதைப் பார்க்கலாம். அடுத்த சில நொடிகளில் டெட்ருசர் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது, பையின் கழுத்து புனல் போலத் திறக்கிறது, ஓட்டம் தொடங்குகிறது. தளர்வு முதலில், சுருக்கம் பிறகு. இந்த வரிசை மாறினால் எல்லாம் கெட்டுவிடும்.

வரிசையைக் காப்பாற்றுவது மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியிலுள்ள ஒரு சிறிய நரம்புக் கூட்டம். பாரிங்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1920களில் பூனைகளில் செய்த சோதனைகளில் இதைக் காட்டினார். அவர் பெயரிலேயே அது வழங்குகிறது. அங்கிருந்து கிளம்பும் ஒரே உத்தரவு, தண்டுவடத்தின் அடியில் டெட்ருசருக்கான நரம்புகளைத் தூண்டுகிறது, வெளிச் சுருக்குத்தசைக்கான நரம்புகளை அடக்குகிறது. ஓட்டம் தொடங்கியதும், சிறுநீர் குழாய்ச் சுவரில் பட்டு ஓடுவதே சுருக்கத்தை இன்னும் பலப்படுத்தும். அதனால்தான் தொடங்கிவிட்டால் முழுவதும் காலியாகும் வரை தானாகவே போகிறது. முடிவில் 50 மி.லி.க்கும் குறைவாகவே மிச்சம் இருக்கும், பலருக்கு அனேகமாக ஒன்றுமே இருக்காது.

நடுவில் நிறுத்தவும் முடியும். வெளிச் சுருக்குத்தசையை இறுக்கினால் ஓட்டம் உடனே நிற்கும், சில நொடிகளில் பையும் தளர்ந்துவிடும். ஒரு தடவை செய்து பார்ப்பதில் தவறில்லை. தினமும் பயிற்சியாகச் செய்யாதீர்கள்; முழுதாகக் காலியாகும் பழக்கத்தை அது குலைக்கும்.

அப்படியானால் "இப்போது வேண்டாம்" என்று சொல்வது யார்?

பான்ஸுக்கு மேலே இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. நடுமூளையில் ஒரு பகுதி பை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற செய்தியைத் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருக்கிறது. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளையின் உட்பக்கம், இடம் சரியா, நேரம் சரியா என்று பார்த்து அனுமதி கொடுக்கிறது அல்லது மறுக்கிறது. பெரும்பாலான நேரம் அது மறுத்துக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு நாளில் நாம் சிறுநீர் கழிக்கும் மொத்த நேரம் சில நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் தடைதான் அமலில் இருக்கிறது.

1964இல் ஆண்ட்ரூ, நேதன் என்ற இரண்டு மருத்துவர்கள் முன்மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அந்த நோயாளிகளுக்குத் திடீரென்று அவசரம் வரும், அடக்க முடியாமல் போய்விடும். அவர்கள் அதைப் பற்றிக் கவலையில்லாதவர்கள் அல்ல; மிகவும் வருந்தினார்கள், வெட்கப்பட்டார்கள். அவர்களிடம் கழிக்கும் செயலும் ஒழுங்காகவே நடந்தது: சுருக்குத்தசை தளர்ந்தது, பை முழுதாகக் காலியானது. பான்ஸ் நன்றாக இருந்தது, மேலே தடை போடும் இடம் மட்டும் போய்விட்டது. பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் கழிப்பறைக்குப் போவதற்குள் நனைத்துவிட்டால், அது சோம்பலோ பிடிவாதமோ இல்லை என்று வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

கைக்குழந்தையிடம் இந்தத் தடை இன்னும் முதிரவில்லை. 2 வயதுக்கு மேல் மெல்ல வரத் தொடங்கி, பகலில் முதலிலும் இரவில் பிறகும் நிலைக்கும்.

பக்கத்தில் யாராவது நின்றால் வரவே மாட்டேன் என்கிறது. பையில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. பதற்றத்தில் வெளிச் சுருக்குத்தசை தளரவில்லை, மேலிருந்து அனுமதியும் வரவில்லை. தனியாக இருக்கும்போது நல்ல வேகத்தில் போகிறது என்றால் குழாயில் அடைப்பு இல்லை என்று நம்பலாம்.

தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு என்ன ஆகும்? மூளை இல்லாமலே அனிச்சை நடக்குமே?

நடக்கும், ஆனால் ஒழுங்கில்லாமல் நடக்கும். ஓர் உதாரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம். உயரத்திலிருந்து விழுந்து, மார்புப் பகுதியின் நடுவில் தண்டுவடம் முழுதாகத் துண்டான ஓர் இளைஞர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள திரிகக் கண்டங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. மேலே பான்ஸோடு இருந்த தொடர்பு மட்டும் அறுந்துவிட்டது.

முதல் சில வாரங்கள் தண்டுவட அதிர்ச்சிக் காலம். அடிபட்ட இடத்துக்குக் கீழே அனிச்சைகள் எல்லாம் அடங்கிவிடும். பை சுருங்காது, நிரம்புவதும் அவருக்குத் தெரியாது. சும்மா விட்டால் 800 மி.லி., 1 லிட்டர் என்று ஊதி, கடைசியில் வழிந்து சொட்டும். சொட்டுவதைப் பார்த்து "சிறுநீர் போகிறது, சரியாகிவிட்டது" என்று நினைப்பது ஆபத்தான தவறு. பாத்திரம் நிரம்பி வழிகிறது, அவ்வளவுதான். அளவுக்கு மீறி இழுபட்ட தசை பிறகு சுருங்கும் திறனையே இழக்கக்கூடும் என்பதால் முதல் நாளிலிருந்தே சிறுநீரை வெளியே எடுக்கும் மெல்லிய குழாயான கதீட்டர் போடுகிறார்கள்.

சில வாரங்களோ சில மாதங்களோ கழித்து அனிச்சை திரும்பும். அறிகுறி சின்னதாகத்தான் இருக்கும்: இரண்டு கதீட்டர் நேரங்களுக்கு நடுவில் உடை நனைகிறது, கூடவே கால்கள் துள்ளுகின்றன. இப்போது பை 200 மி.லி. சேர்ந்ததுமே தானாகச் சுருங்குகிறது. சாதாரணமாக அமைதியாகக் கிடக்கும் மெல்லிய நரம்பு இழைகள் விழித்துக்கொண்டு இந்தப் புதிய அனிச்சையை நடத்துகின்றன. வீட்டார் மகிழ்ச்சி அடைவார்கள், "தானாகப் போகிறதே" என்று.

சிக்கல் அங்கேதான். தளர்வு முதலில், சுருக்கம் பிறகு என்ற வரிசையை வைத்திருந்தது பான்ஸ். அதன் உத்தரவு இப்போது கீழே வராது. பை சுருங்கும் அதே நேரத்தில் வெளிச் சுருக்குத்தசையும் இறுகுகிறது. மூடிய கதவை உள்ளிருந்து தள்ளுவது போல அழுத்தம் 70, 80 செ.மீ. நீர் வரை எகிறலாம். ஓட்டம் விட்டுவிட்டு வரும். 300 மி.லி. இருந்த இடத்தில் 80 மி.லி. வெளியே வந்து, 220 மி.லி. உள்ளேயே தங்கும். முன்னே சொன்ன 40 என்ற எல்லையை நினைத்துப் பாருங்கள்: இது நாளுக்குப் பல தடவை அதைத் தாண்டுகிறது. பையின் சுவர் தடிக்கும், நாளங்களின் சாய்வு வால்வு பழுதாகி சிறுநீர் மேலே ஏறும், தேங்கியதில் கிருமி வளரும், கடைசியில் சிறுநீரகம் பாதிக்கப்படும். இவ்வளவும் வலியே இல்லாமல் நடக்கும் என்பதால்தான் ஸ்கேனும் அழுத்தப் பரிசோதனையும் குறிப்பிட்ட இடைவெளியில் செய்கிறார்கள்.

அதனால் மருத்துவத்தின் குறி பையை மீண்டும் தாழ்ந்த அழுத்தத்தில் சேமிக்கும் பாத்திரமாக ஆக்குவதுதான். டெட்ருசரை அடக்க மாத்திரை, போதாவிட்டால் அதன் சுவரில் போட்டுலினம் ஊசி. காலி செய்யக் குறித்த நேரத்தில் கதீட்டர். கணக்கு எளிது: நாளுக்கு 1,800 மி.லி. சிறுநீர் என்றால் மணிக்கு 75 மி.லி. 5 மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் 375 மி.லி. வரும், 400ஐத் தாண்டாது. இரவில் விழிக்க வேண்டாம் என்றால் மாலைக்குப் பிறகு குடிப்பதைக் குறைத்துப் பகலில் கூட்டிக்கொள்ளலாம். வீட்டில் தானே செய்ய அறுவை அரங்கின் கிருமியற்ற நிலை தேவையில்லை, சுத்தமான கையும் சுத்தமான கதீட்டரும் போதும் என்று 1972இல் லாபிடஸ் என்ற மருத்துவர் குழுவினர் காட்டினார்கள். எத்தனையோ பேரின் சிறுநீரகங்களைக் காப்பாற்றிய யோசனை அது.

அடி 6ஆம் மார்புக் கண்டத்திலோ அதற்கு மேலோ இருந்தால் இன்னோர் ஆபத்தும் உண்டு. பை நிரம்பினாலே இரத்த அழுத்தம் பாய்ந்து ஏறும்; மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது அதன் அடையாளம். உடனே உட்கார வைத்து, பையைக் காலி செய்ய வேண்டும். கதீட்டர் ஏற்கனவே இருந்தால் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அடி இன்னும் கீழே, இடுப்புப் பக்கம் பட்டால்?

அப்போது அனிச்சையின் மையமோ அதன் நரம்புகளோ போய்விடுகின்றன. பை தொளதொளவென்று இருக்கும், சுருங்காது, நிரம்பி வழியும். நீண்ட நாள் சர்க்கரை நோயிலும் உணரும் நரம்புகள் மெல்ல மங்கி இதே போல ஆகலாம். "எனக்கு இப்போதெல்லாம் ரொம்ப நேரம் வருவதே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவரின் பையில் பெரிய மிச்சம் கிடக்கும். அப்புறம் ஒரு முக்கியமான எச்சரிக்கை: முதுகுவலியோடு, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துப்போய், சிறுநீர் வரவில்லை அல்லது வருவது தெரியவில்லை என்றால், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்புக் கற்றையை நசுக்கியிருக்கலாம். ஒரு நாள் தள்ளினாலும் கட்டுப்பாடு திரும்பாமல் போகலாம்.

ரொம்ப நேரம் அடக்கினால் பை வெடித்துவிடுமா?

ஆரோக்கியமான பை அதற்கு முன்பே சுருக்குத்தசையைத் தோற்கடித்துத் தானாக வெளியேறிவிடும். ஆனால் நிரம்பிய பையோடு விபத்தில் வயிற்றில் பலமாக அடிபட்டால் கிழியலாம்.

திடீரென்று அவசரம் வந்து ஓடுகிறேன். ஓடாமல் இருக்கப் பழக முடியுமா?

பலருக்கு முடியும். காவல் அனிச்சையைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம். இடுப்புத் தசையை இறுக்கும்போது அங்கிருந்து போகும் செய்தி தண்டுவடத்தில் டெட்ருசரை அடக்குகிறது.

அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். வாயு போகாமல் அடக்குவது போல இடுப்புத் தசையை ஐந்தாறு தடவை வேகமாக இறுக்கி விடுங்கள். மனத்தை வேறெதிலாவது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது போல, கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். அலை இறங்கியதும் நடந்து போங்கள். அலையின் உச்சியில் ஓடினால், வயிறும் குலுங்குகிறது, கவனமும் முழுக்க அதிலேயே இருக்கிறது; நனைவது அப்போதுதான்.

தொடங்கும் முன் மூன்று நாள் எழுதி வையுங்கள்: எப்போது குடித்தீர்கள், எப்போது போனீர்கள், ஒவ்வொரு தடவையும் எத்தனை மி.லி. அளவுக் குவளை ஒன்று போதும். ஒவ்வொரு தடவையும் 100 மி.லி.தான் வருகிறது என்றால் பை தேவைக்கு முன்பே கூப்பிடுகிறது. இடைவெளியை வாரத்துக்கு 15 நிமிடமாக நீட்டிப் பழக்கலாம். ஒவ்வொரு தடவையும் 400 மி.லி. வந்து, நாளுக்கு 3 லிட்டர் சேருகிறது என்றால் பையில் கோளாறு இல்லை. குடிப்பது அதிகமா, சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எரிச்சலோ, இரத்தமோ, முக்கினாலும் மெல்லியதாக வரும் ஓட்டமோ இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் முதலில் மருத்துவரிடம் அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.